ஸ்டிக்கா, பாக்ஸா? குளச்சல் வீட்டு டிவிக்கு எது சரிப்படும்

குளச்சல்காரன் | 02.11.2025, இரவு 9.15

வீட்டில் 43 இஞ்ச் 4கே டிவி இருக்கிறது, 2019-ல் வாங்கியது. படம் இன்னும் அருமையாகத்தான் தெரிகிறது. உள்ளே இருக்கும் ஸ்மார்ட் பகுதிதான் படுத்துவிட்டது. ஒரு ஆப்பை அமுக்கினால் திரை கறுத்து, யோசித்து, பிறகுதான் திறக்கிறது. இரண்டு ஆப்புகள் இந்த டிவியில் இனி வராது என்று சொல்லிவிட்டன. யூடியூப் பாதிப் படத்தில் நின்று சுற்றும். பார்ப்பது அப்பாவும் அம்மையும். நான் இருப்பது நாகர்கோவிலில், வார இறுதியில்தான் போவேன்.

டிவியில் சொருகி இன்டர்நெட் படம் பார்க்க மூன்று வழி கண்ணில் படுகிறது. ஒன்று, ஃபயர் டிவி ஸ்டிக் 4கே. 2024-ல் இங்கே வந்தபோது 5,999 ரூபாய். இரண்டு, லேன் போர்ட்டெல்லாம் வைத்த ஃபயர் டிவி கியூப். 13,999 என்று போட்டு வந்தது. மூன்று, மஸ்கட்டில் இருக்கும் மச்சான் சொல்லும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ். 8 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், இரண்டு யூஎஸ்பி, லேன், எல்லாம் சேர்த்து 3,500-தான்.

பேப்பரில் பார்த்தால் மூன்றாவதை அடிக்க ஆளில்லை. ஸ்டிக் 2 ஜிபி ராமும் 8 ஜிபி ஸ்டோரேஜும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கேட்கிறது. அப்படியானால் ஸ்டிக் எதற்கு வாங்க வேண்டும்? வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை தம்பி | 02.11.2025, இரவு 9.40

பாக்ஸ்தான் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். ஸ்டிக் என்பது விரல் அளவு. அதற்குள் எவ்வளவு பெரிய பிராசஸரை வைக்க முடியும்? சூடாகும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜிகாஹெர்ட்ஸ் எது கூடுதலோ அதை எடுங்கள். கிகாபிட் லேன் போர்ட் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் 4கே ஓடாது.

மார்த்தாண்டம் டீச்சர் | 02.11.2025, இரவு 10.05

எங்கள் வீட்டில் கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ் இருக்கிறது. மாதம் பணம் கட்டுகிறோம். அதை எடுத்துவிட்டு இதை வைத்தால் சேனல் எல்லாம் வருமா? மலையாளம் நியூஸ் சேனல் இல்லாமல் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டார்.

குளச்சல்காரன் | 02.11.2025, இரவு 10.20

டீச்சர், நான் கேட்பது கேபிள் பாக்ஸ் இல்லை, இன்டர்நெட்டில் படம் பார்க்கிற பாக்ஸ். கேபிள் பாக்ஸ் ஒரு எச்டிஎம்ஐ ஓட்டையில் இருக்கட்டும், இது இன்னொன்றில் போகும். இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. நியூஸ் சேனல்கள் நிறைய யூடியூபிலேயே நேரலையாக ஓடுகின்றன, ஆனால் சாப்பிடும் நேரத்துக்கு அதை நம்பிக் கேபிளை வெட்ட வேண்டாம்.

வடசேரி சர்வீஸ் | 03.11.2025, காலை 7.10

டிவி ரிப்பேர் என் தொழில். மூன்றாவது பாக்ஸை முதலில் முடித்துவிடுவோம்.

அட்டையில் 8/128 என்று போட்டு வரும் பெயரில்லாப் பாக்ஸ்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் மெமரி சிப் வேறு கதை சொல்லும். செட்டிங்ஸ் பக்கத்தில் 128 என்று காட்டும்படி மென்பொருளை மாற்றி வைத்திருப்பார்கள். பென் டிரைவிலிருந்து பெரிய படக் கோப்புகளை வரிசையாக உள்ளே காப்பி செய்தால் சாயம் வெளுக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு காப்பி நிற்கும், அல்லது முதலில் போட்ட படம் திறக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் உரிமம். காசு கட்டிப் பார்க்கிற ஆப்புகள், சாதனத்தில் வைட்வைன் எல்1 என்ற காப்பித் தடுப்புப் பூட்டு இருந்தால்தான் எச்டியும் 4கேயும் கொடுக்கும். எல்3 என்றால் நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை 480-லேயே நின்றுவிடும். நீங்கள் 4கேக்குச் சந்தா கட்டி, 4கே டிவியில், பழைய டிவிடி தரத்தில் படம் பார்ப்பீர்கள். இப்படிப்பட்ட பாக்ஸ்களில் பெரும்பாலும் போனுக்கான ஆப்பை ஏற்றி வைத்திருப்பார்கள். ரிமோட் அம்புக்குறிக்கு அது ஒழுங்காக நகராது, மவுஸ் மாதிரி ஒன்றை ஆட்ட வேண்டும். உங்கள் அம்மையால் அது முடியுமா?

யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் `DRM Info` என்ற ஆப்பைப் போட்டு `Security Level` என்ற வரியைப் பாருங்கள். `L1` என்றால் இந்தத் தடை இல்லை. `L3` என்றால் அந்தப் பாக்ஸில் யூடியூபும் பென் டிரைவும்தான்.

இன்னொன்று. இந்த ரகப் பாக்ஸ்களில் தொழிற்சாலையிலேயே வைரஸ் ஏறி வருகிறது. டி95 என்ற பாக்ஸில் அப்படி இருந்ததை 2023-ல் அம்பலப்படுத்தினார்கள். இந்த 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்று பெயர் சொல்லியே எச்சரித்தது. நம் வீட்டு இன்டர்நெட் வழியாக யாரோ எங்கேயோ திருட்டு வேலை செய்வதற்குக் கதவைத் திறந்து கொடுக்கிற சாமான் அது.

குளச்சல்காரன் | 03.11.2025, மதியம் 1.30

மச்சானிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது பாக்ஸ் கதை முடிந்தது. மிச்சம் இரண்டு.

வடசேரி சர்வீஸ் | 03.11.2025, இரவு 8.50

இரண்டில் எது என்று சொல்வதற்கு முன், உங்கள் டிவியில் உண்மையில் எது உதைக்கிறது என்று பார்க்க வேண்டும். படம் நின்று சுற்றுவது நெட் பிரச்சினையா, டிவிக்குள் இருக்கும் சிப் பிரச்சினையா? பாக்ஸ் வாங்கினால் சரியாகும் என்று வாங்கிக்கொண்டு போய், அதே சுற்றலைப் புது பாக்ஸில் பார்க்கிறவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள்.

டிவி யூடியூபில் ஒரு வீடியோவை ஓட விட்டு, பல்சக்கரம் படத்தை அமுக்கி `Stats for nerds` என்பதை ஆன் செய்யுங்கள். ஓரத்தில் எழுத்துகள் வரும். இரண்டே இரண்டைப் பாருங்கள். `Buffer Health` என்பது இன்னும் எத்தனை விநாடிப் படம் கையிருப்பில் இருக்கிறது என்பது. `Frames` வரியில் `dropped` என்று ஓர் எண் வரும், அது காட்ட முடியாமல் விட்டுவிட்ட படங்கள்.

கையிருப்பு குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகி, அப்போது சுற்றினால் நெட்தான். கையிருப்பு நிறைய இருக்கும்போதே படம் தட்டித் தட்டி ஓடி, `dropped` ஏறிக்கொண்டே போனால் சிப்தான். சனிக்கிழமை போகும்போது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தக்கலை தம்பி | 03.11.2025, இரவு 9.30

அதெல்லாம் சரி அண்ணாச்சி, பிராசஸர் வேகமாக இருந்தால் நெட்டும் வேகமாக வருமே?

வடசேரி சர்வீஸ் | 03.11.2025, இரவு 9.55

வராது தம்பி. வீடியோவை விரித்துக் காட்டுகிற வேலைக்கு சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. பிராசஸர் கோர்கள் அந்த வேலையில் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். அதனால்தான் விரல் அளவு ஸ்டிக் 4கே படத்தை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது. ஆப் திறப்பது, மெனு நகர்வது, தேடுவது, இதற்குத்தான் கோரும் ராமும்.

ஜிகாஹெர்ட்ஸை வைத்து எடை போடாதே. ஷாவ்மியின் டிவி ஸ்டிக் 4கேயில் இருப்பது கார்டெக்ஸ் ஏ35 கோர், 2 ஜிகாஹெர்ட்ஸ். ஃபயர் ஸ்டிக் 4கேயில் 1.7 என்று போட்டிருக்கும், ஆனால் அது ஏ55. ஏ35 மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த சின்னக் கோர். எண் பெரிதாக இருந்தாலும் ஏ55 அளவுக்கு வேலை முடிக்காது.

கிகாபிட் லேன் கட்டாயம் என்பதும் சரியில்லை. நெட்ஃப்ளிக்ஸ் தன் 4கேக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ். 14,000 ரூபாய் கியூபிலேயே லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் ரகம்தான், கிகாபிட் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ப்ளூரே அளவுக் கோப்பு வைத்து நெட்வொர்க் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் 100 போதாமல் போகலாம்.

தக்கலை தம்பி | 03.11.2025, இரவு 10.10

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்வேன், ஏவி1 என்ற புது வீடியோ வடிவத்தை ஓட்டத் தெரியாத சாமானை இப்போது வாங்கக் கூடாது. 2020-ல் வந்த மி பாக்ஸ் 4கே எங்கள் வீட்டில் இருக்கிறது, அதில் ஏவி1 கிடையாது. யூடியூப் வேறு வடிவத்தில் கொடுத்து ஓட்டுகிறது, இன்றைக்குக் குறையில்லை. நாளைக்கு எல்லாம் ஏவி1-க்குப் போனால் அது கிழடாகிவிடும்.

வடசேரி சர்வீஸ் | 03.11.2025, இரவு 10.20

அது சரியான பேச்சு. ஃபயர் ஸ்டிக் 4கே, கியூப் இரண்டிலும் ஏவி1 உண்டு. மி பாக்ஸைச் சொன்னதும் நல்லதாயிற்று. அதில் லேன் போர்ட்டே இல்லை. ஆப்பிள் டிவி 4கே 2022 மாடலிலும் 64 ஜிபியில் லேன் கிடையாது, 128 ஜிபியில்தான் உண்டு. பாக்ஸ் என்று பெயர் இருந்தால் லேன் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், பின்பக்கப் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

குளச்சல்காரன் | 08.11.2025, மாலை 6.40

வீட்டிலிருந்து எழுதுகிறேன். சர்வீஸ் அண்ணாச்சி சொன்னபடி பார்த்தேன்.

1080 வீடியோ போட்டால் `Buffer Health` இருபது விநாடியில் தொடங்கி, மெல்லக் கரைந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் சுற்றல். `dropped` ஒன்றிரண்டுதான். ஆக அது நெட். ரூட்டர் முன்னறையில், ஃபைபர் உள்ளே வரும் இடத்தில் இருக்கிறது. டிவி இருக்கும் அறைக்கு நடுவே இரண்டு வெட்டுக்கல் சுவர், தாத்தா காலத்துச் சுவர். டிவி பிடிப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை.

அடுத்து என் போனை டிவி பக்கத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, 4கே 60 ஃப்ரேம் வீடியோ ஒன்றைப் போட்டேன். கையிருப்பு நாற்பது விநாடிக்குக் குறையவில்லை. ஆனால் படம் தட்டுகிறது. கடைசியில் பார்த்தபோது `214 dropped of 3900`. அது சிப்.

இரண்டு நோயும் இருக்கிறது. தனித்தனியாகத் தெரிந்தது பெரிய நிம்மதி. சிப் நோய்க்கு ஸ்டிக் போதும் போலிருக்கிறது. நெட் நோய்க்கு ஸ்டிக் மட்டும் போதாது, ஏனென்றால் அதே சுவர்கள்தான்.

முட்டம் கடலோரம் | 08.11.2025, இரவு 8.15

கடலோரத்து வீடு என்பதை யாரும் பேசவில்லையே. எங்கள் முட்டத்தில் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி முனையெல்லாம் பச்சை பிடிக்கும். உப்புக் காற்று. ஸ்டிக் என்றால் எச்டிஎம்ஐ முனை டிவிக்குள் சொருகி மறைந்திருக்கும், வெளியே கரண்ட் ஓட்டை ஒன்றுதான். பாக்ஸில் எத்தனை ஓட்டையோ அத்தனையும் திறந்து கிடக்கும். நான் ஸ்டிக் பக்கம். இன்னொன்று, இந்த ஐப்பசி மழையில் லேன் கேபிள் இழுக்காதீர்கள். போன வருடம் பக்கத்து வீட்டில் மின்னல் லேன் வழியாக வந்து டிவி போர்டையே தின்றுவிட்டது.

வடசேரி சர்வீஸ் | 08.11.2025, இரவு 9.00

பக்கத்து வீட்டு நெட் எதில் வந்தது? செம்புக் கம்பியில் வந்த பழைய கேபிள் இணைப்பாக இருந்தால் மின்னல் அந்த வழியாக உள்ளே வரும், சந்தேகமில்லை. குளச்சல் வீட்டில் ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. மின்னல் பயம் அங்கே கரண்ட் வழியாகத்தான், அதாவது ரூட்டர் அடாப்டர் வழியாக. இடி கேட்டால் ரூட்டரையும் டிவியையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். லேன் கேபிளை மொட்டை மாடி வழியாக வெளியே கொண்டுபோகாமல் வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக இழுத்தால் போதும்.

உப்புக் காற்று உண்மை. ஆனால் ஓட்டை எண்ணிக்கையைவிட, சொருகிப் பிடுங்குகிற பழக்கம்தான் அங்கே காப்பாற்றும். அசையாமல் வருடக்கணக்கில் இருக்கும் முனையில்தான் பச்சை ஏறுகிறது. ஸ்டிக்குக்கும் அதே நிலைதான், எச்டிஎம்ஐ முனை டிவிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அப்புறம் ரிமோட்டைத் திறந்து பாருங்கள், ஸ்பிரிங்தான் முதலில் போகும்.

முட்டம் கடலோரம் | 08.11.2025, இரவு 9.20

செம்புக் கேபிள்தான், சரி. ஆனாலும் நான் லேன் இழுக்க மாட்டேன். 5 ஜிகாஹெர்ட்ஸ் ரூட்டர் ஒன்றை டிவி அறையில் வைப்பேன்.

குளச்சல்காரன் | 09.11.2025, காலை 11.00

டிவி அறையில் இன்னொரு ரூட்டர் வைத்தாலும் அதற்கு முன்னறையிலிருந்து கம்பியோ காற்றோ வர வேண்டுமே. காற்றில் வந்தால் அதே வெட்டுக்கல். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கேட்6 கேபிளைச் சுவரோரமாக, கதவு நிலைக்கு மேலே ஏற்றி, டிவி வரை கொண்டுவந்தாயிற்று. இப்போதைக்கு டிவியின் சொந்த லேன் ஓட்டையில் சொருகிப் பார்த்தேன். `Buffer Health` அறுபதைத் தாண்டி நிற்கிறது. சுற்றல் போயே போச்சு. அப்பா இனி ஒன்றும் வாங்க வேண்டாம் என்கிறார்.

ஆனால் மெனு அதே ஆமைதான், போன ஆப்புகள் திரும்பி வரவில்லை. ஆகவே வாங்கத்தான் வேண்டும். லேன் வந்துவிட்டதால் கேள்வி மாறிவிட்டது. கியூபில் லேன் கூடவே வருகிறது. ஸ்டிக்குக்குத் தனி ஈத்தர்நெட் அடாப்டர் வாங்கிக் கரண்ட் போகும் மைக்ரோ யூஎஸ்பி ஓட்டையில் மாட்ட வேண்டும். அதுவும் 100 எம்பிபிஎஸ்தான், நமக்கு அது போதும் என்று மேலே பேசியாயிற்று. அடாப்டர் விலையைச் சேர்த்தாலும் கியூபை விட ஸ்டிக் நன்றாகவே மலிவு.

கியூப் பக்கம் தராசைச் சாய்ப்பது என்ன? எனக்குத் தோன்றுவது மூன்று: 16 ஜிபி, யூஎஸ்பி, கேபிள் பாக்ஸையே உள்ளே சொருகுகிற எச்டிஎம்ஐ இன்புட். யூஎஸ்பி எதற்கென்றால், அப்பாவிடம் பென் டிரைவில் ஊர்த் திருவிழா வீடியோ, தங்கச்சி கல்யாண வீடியோ எல்லாம் இருக்கிறது.

வடசேரி சர்வீஸ் | 09.11.2025, மதியம் 12.30

பென் டிரைவை டிவியிலேயே சொருகலாமே. 2019 டிவியில் யூஎஸ்பி இருக்கும், கல்யாண வீடியோ எல்லாம் அதிலேயே ஓடும். அதற்காகக் கூடுதலாக எட்டாயிரம் கொடுக்காதீர்கள்.

ஸ்டோரேஜ் பற்றி. 8 ஜிபி என்று போட்டாலும் சிஸ்டம் போக நம் கைக்கு வருவது சுமார் 5 ஜிபி. அப்பா அம்மைக்கு யூடியூப், இரண்டு மூன்று ஓடிடி. அது தாராளம். கேம், கண்டதும் ஏற்றுகிற பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் 8 ஜிபி ஒரு வருடத்தில் திணறும். ஆப்பின் அளவு ஏற்றியபோது இருந்தது மாதிரி இருக்காது, உள்ளே தரவு சேர்ந்துகொண்டே போகும். கடைக்கு வந்த ஒரு ஸ்டிக்கில் 350 எம்பிதான் மிச்சம். ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டு முகப்புக்கு வந்துவிடும், அப்டேட் பாதியில் நிற்கும். பிராசஸர் போய்விட்டது என்று கொண்டுவந்தார்கள். பார்க்கிற வழி:

```
Settings > My Fire TV > About > Storage
Settings > Applications > Manage Installed Applications
```

முதலாவதில் மிச்சம் தெரியும். இரண்டாவதில் ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து `Clear cache` கொடுக்கலாம். `Clear data` கொடுத்தால் மறுபடி லாகின் கேட்கும், பாஸ்வேர்ட் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நான் எப்போதும் ஒரு ஜிபியாவது காலியாக வைக்கச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை: கடையில் போய் 4கே ஸ்டிக் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த அக்டோபரில் 4கே செலக்ட் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதில் ராம் 1 ஜிபி. ஆண்ட்ராய்டு வழி வந்த சிஸ்டமும் இல்லை, வேகா என்று வேறொன்று. வெளியிலிருந்து ஆப் ஏற்ற முடியாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர் | 09.11.2025, மாலை 4.45

இப்போது எனக்கும் புரிகிறது. எங்கள் மகன் கொடுத்த ஸ்டிக் ஒன்று எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது, அதன் ரிமோட் காணாமல் போய் யாரும் தொடுவதில்லை. சோபா, கட்டில், அலமாரி எல்லாம் தேடியாயிற்று. ரிமோட் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்தானா? யாரும் ரிமோட் பற்றிப் பேசவில்லை. பிராசஸர் பிராசஸர் என்று பேசுகிறீர்கள், வீட்டில் சண்டை வருவது ரிமோட்டுக்குத்தான்.

குளச்சல்காரன் | 09.11.2025, மாலை 5.20

டீச்சர் சொன்னது நியாயம். போனில் `Fire TV` ஆப்பைப் போடுங்கள், அதில் ரிமோட் வரும். ஒரே நிபந்தனை, போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ரிமோட் தொலைந்த பிறகு ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் ஸ்டிக் நெட்டுக்குள் வராது, போன் அதைப் பார்க்காது. அப்போது போன் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே வைத்தால் ஸ்டிக் ஏமாந்து சேர்ந்துகொள்ளும். இன்னொரு போனில் ஆப்பைத் திறந்து ஓட்டலாம்.

மார்த்தாண்டம் டீச்சர் | 09.11.2025, இரவு 7.30

வந்துவிட்டது! பழைய பெயரைப் போட்டதும் பிடித்துக்கொண்டது. மகனுக்கு போன் போட்டுச் சொன்னேன். புது ரிமோட்டும் ஆர்டர் செய்யச் சொல்லிவிட்டேன்.

குளச்சல்காரன் | 10.11.2025, இரவு 9.45

ரிமோட்டை நான் பின்னால் வைத்துவிட்டிருந்தேன், இப்போது அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. ஸ்டிக் ரிமோட் ஸ்டிக்கோடு பேசுவது புளூடூத்தில். அதனால் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் வேலை செய்யும். அதே ரிமோட் டிவியின் சத்தத்தையும் பவரையும் மாற்றுவது இன்ஃப்ராரெட்டில், அதற்கு டிவியின் கண்ணைப் பார்த்து நீட்ட வேண்டும். அம்மை ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டே அமுக்குவார். படம் மாறும், சத்தம் மாறாது. ஏன் பாதி பட்டன் வேலை செய்யவில்லை என்று கேட்பார். இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கியூபில் இன்ஃப்ராரெட் அனுப்பும் வசதி பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பாக்ஸே டிவியையும் கேபிள் பாக்ஸையும் இயக்கும், பேச்சாலும் இயக்கலாம். நான் பார்த்தவரை கியூபுக்குக் கூடுதல் காசு கொடுக்க உண்மையான காரணம் இதுதான், 16 ஜிபி அல்ல. பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் மூன்று ரிமோட்டை ஒன்றாக்குவது சின்ன விஷயமில்லை. ஆனால் எங்கள் கேபிள் பாக்ஸ் உள்ளூர்க்காரர் கொடுத்தது. அது கியூபின் பட்டியலில் வருமா என்று வாங்கிய பிறகுதான் தெரியும். வராவிட்டால் எட்டாயிரம் வீண். அதனால் ஸ்டிக்.

தக்கலை தம்பி | 10.11.2025, இரவு 10.15

2024-ல் வந்த கூகுள் டிவி ஸ்ட்ரீமரில் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் ரிமோட் சத்தம் போடும். 4 ஜிபி ராம், 32 ஜிபி, கிகாபிட் லேன். டீச்சர் வீட்டுக்கு அதுதான்.

குளச்சல்காரன் | 15.11.2025, இரவு 8.30

ஸ்டிக் 4கேயும் ஈத்தர்நெட் அடாப்டரும் வாங்கி மாட்டிவிட்டேன். பட்டதை எழுதுகிறேன்.

முதலில் டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலிருந்தே கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், பிளக் பாயிண்ட் மிச்சமாகுமே என்று. முகப்பு வந்தது. படம் போட்டதும் அணைந்து மறுபடி லோகோ. டிவி யூஎஸ்பி ஓட்டையில் 0.5 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது, ஸ்டிக்கோடு வந்த அடாப்டரில் 1 ஆம்பியர். சொந்த அடாப்டரில் மாட்டியதும் அந்த நோய் போயிற்று. இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிவியை அணைத்தாலும் ஸ்டிக் விழித்திருக்கும். யூஎஸ்பியில் என்றால் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்து, லோகோ காட்டி, பிறகுதான் முகப்பு வரும்.

அடுத்து, 4கே வரவில்லை, 1080-தான் காட்டியது. ஓட்டையை மாற்றினேன், வந்துவிட்டது. எங்கள் டிவியில் எல்லா எச்டிஎம்ஐ ஓட்டையும் ஒன்றில்லை போலிருக்கிறது.

பழைய 4கே 60 ஃப்ரேம் வீடியோவையே போட்டு `Stats for nerds` பார்த்தேன். `Codecs` வரியில் `av01`, கையிருப்பு ஐம்பதுக்கு மேல், `dropped` பூஜ்யம். மெனு துள்ளுகிறது. பின்பக்கம் கை வைத்தால் ஸ்டிக் நல்ல சூடு. கூடவே வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பைப் போட்டுச் சுவருக்கும் டிவிக்கும் நடுவே தொங்க விட்டிருக்கிறேன். இப்போது பரவாயில்லை.

முட்டம் கடலோரம் | 15.11.2025, இரவு 8.50

தொங்க விட்டால் அந்த முனையில் பாரம் விழும். ஒரு டேப்பில் டிவி முதுகோடு ஒட்டி விடுங்கள்.

வடசேரி சர்வீஸ் | 15.11.2025, இரவு 9.10

டேப் வேண்டாம், சூட்டில் பசை உருகும். கேபிள் டை போடுங்கள், ஆனால் ஸ்டிக்கின் மேல் இறுக்காமல் நீட்டிப்பு வயரில் போடுங்கள். 4கேக்கு ஓட்டை மாறியது எச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்புச் சமாச்சாரம். அந்தக் காலத்து டிவிகளில் சிலவற்றில் ஒன்றிரண்டு ஓட்டைக்குத்தான் அது இருக்கும். ஓட்டை மாற்றியும் வராவிட்டால் டிவி செட்டிங்ஸில் அந்த ஓட்டைக்கு முழு 4கே சிக்னலை அனுமதிக்கிற ஒரு சுவிட்ச் இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்.

குளச்சல்காரன் | 22.11.2025, இரவு 9.30

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஸ்டிக் ரிமோட்டை அமுக்கினால் டிவியே ஆன் ஆகி ஸ்டிக்கின் ஓட்டைக்கு மாறுகிறது, அது எச்டிஎம்ஐ சிஇசி செய்கிற நல்ல வேலை. ஆனால் அப்பா கேபிளில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று டிவி தானாக ஸ்டிக்குக்குத் தாவுகிறது. தினமும் இல்லை, எப்போதாவது. சிஇசியை அணைத்தால் தாவல் நிற்கும், ஆனால் அம்மைக்கு ஓட்டை மாற்றத் தெரியாது.

தக்கலை தம்பி | 22.11.2025, இரவு 9.50

கியூப் வாங்கியிருந்தால் கேபிள் பாக்ஸ் அதற்குள்ளேயே போயிருக்கும், தாவ வேறு ஓட்டையே இருந்திருக்காது. அப்போதே சொன்னேன் அண்ணா.

வடசேரி சர்வீஸ் | 22.11.2025, இரவு 10.20

தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது, கேபிள் பாக்ஸ் பட்டியலில் வந்திருந்தால். இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள்: தாவல் எந்த நேரத்தில் வருகிறது என்று அப்பாவிடம் குறிக்கச் சொல்லுங்கள். ரிமோட்டை யாராவது தெரியாமல் அமுக்கினாலே ஸ்டிக் விழித்து டிவியை இழுக்கும், சோபாவில் ரிமோட் மேல் உட்கார்ந்தாலும் அப்படித்தான். ரிமோட்டின் பேட்டரியை ஒரு நாள் முழுக்கக் கழற்றி வைத்துப் பாருங்கள். தாவல் நின்றால் ரிமோட். நிற்காவிட்டால் ஸ்டிக் இரவில் அப்டேட் ஆகித் தானே எழுகிறதா, கரண்ட் போய் வரும்போது எழுகிறதா என்று பார்க்கலாம். சிஇசியைக் கடைசியில் தொடுவோம்.